மூன்றிலிருந்து பன்னிரண்டு வரை

ரியாத்துக்கு வெளியே ஒரு தொழிலாளர் கேம்ப் வாசலில், விடியற்காலை இரண்டரை மணிக்குப் பதினோரு பேர் குளித்து முடித்து, கையில் தண்ணீர் கேனும் தலையில் துண்டுமாக பஸ்ஸுக்குக் காத்து நின்றோம். பஸ் வரவில்லை. மூன்று மணி ஆனது, மூன்றரை ஆனது. வாட்ச்மேன் வெளியே வந்து, என்ன ஊரே கிளம்பிட்டீங்க என்பது போலப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போனார். அப்புறம் ஒவ்வொருவராக என்னைத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள். அவர்களை எழுப்பிக் கொண்டுவந்து நிறுத்தியவன் நான்தான். நோட்டீஸைப் படித்தவன் நான்தான்.

இது 2019 ஜூன் மாதம். உசிலம்பட்டிப் பக்கம் எனக்கு ஊர். கம்பி கட்டுகிற வேலை. அப்போது நான் சவூதிக்குப் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. இப்போது திரும்பி வந்து மதுரையிலேயே சென்ட்ரிங், கம்பி கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். இந்தக் கதையைப் போன மாதம் காஜிமார் தெருப் பக்கம் ஒரு மாடியில் நடக்கிற அரபி வகுப்பில் அரபியிலேயே சொல்ல வேண்டி வந்தது. அதைச் சொல்லும்போதுதான், அன்றைக்கு அந்தச் சுவருக்கு முன்னால் உண்மையில் என்ன நடந்தது என்பது எனக்கே சரியாகப் பிடிபட்டது. அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் நோட்டீஸ். சைட் ஆபீஸ் என்பது ஒரு கேபின். அதன் வெளிச்சுவரில் கைரேகை வைக்கிற மெஷின். அதற்குப் பக்கத்தில் ஒரு பலகை. அதில் எப்போதும் நாலைந்து தாள் குத்தியிருக்கும். எல்லாம் அரபி. ஒருநாள் புதிதாக ஒரு தாள் வந்தது. நகலுக்கு நகல் எடுத்த மங்கல் தாள். தலைப்பில் பெரிய எழுத்தில் ஒரே ஒரு சொல். கீழே ஐந்தாறு வரி. அதற்குள் அங்கங்கே எண்கள்.

அரபி எண் எனக்குத் தெரியும். யாரும் சொல்லித் தரவில்லை. சவூதியில் வண்டி நம்பர் பிளேட்டில் இரண்டு விதமாகவும் எண் போட்டிருப்பார்கள், மேலே ஒன்று கீழே ஒன்று. ரியால் நோட்டிலும் ஒரு பக்கம் அவர்கள் எண், மறுபக்கம் நம் எண். பஸ்ஸில் போகும்போது நம்பர் பிளேட்டைப் பார்த்துப் பார்த்தே படித்துவிடலாம். அங்கே ஐந்து என்பது நம் பூஜ்ஜியம் மாதிரி வட்டமாக இருக்கும். பூஜ்ஜியம் வெறும் புள்ளி. ஆறு நம் ஏழு மாதிரி இருக்கும். இந்த மூன்றிலும் ஏமாறாமல் இருந்தால் போதும், விலை, ரூம் நம்பர், பஸ் நம்பர் எல்லாம் ஓடிவிடும்.

அந்தத் தாளில் ஒரு வரியில் இரண்டு எண் இருந்தது. என் கண் இடப்பக்கத்திலிருந்து போனது. முதலில் 3. பிறகு 12. மேல் வரியில் இரண்டு 15. நான் உடனே முடிவு கட்டினேன். வெயில் காலம் ஆரம்பித்துவிட்டது, 15-ஆம் தேதியிலிருந்து டூட்டி மூன்று மணியிலிருந்து பன்னிரண்டு மணிவரை. ராத்திரி மூன்று மணிக்குப் போய் உச்சியோடு வந்துவிடலாம். சில கம்பெனிகளில் வெயிலுக்குப் பயந்து விடியலுக்கு முன்னாலேயே ஆளை இறக்குகிற பழக்கம் உண்டு, அதனால் என் ஊகம் எல்லோருக்கும் நியாயமாகவே பட்டது. சாயங்காலத்துக்குள் கேம்ப் முழுக்கப் பரவிவிட்டது. அதில் பதினோரு பேர் அலாரம் வைத்தார்கள்.

வாசலில் நின்று அசடு வழிந்தபிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. எண் சரி. அப்படியானால் தப்பு எங்கே?

போர்மேனிடம் கேட்டேன். "அதெல்லாம் வருஷா வருஷம் ஒட்டுறதுதான், போய் வேலையப் பாரு" என்றார். அவர் சொன்னதும் ஒரு வகையில் உண்மைதான், வருஷா வருஷம் ஒட்டுவதுதான். அதைப் படித்தவர்கள் யாரும் இல்லை என்பதும் வருஷா வருஷம் நடப்பதுதான்.

எங்கள் அறையில் மேலூர்க்காரர் ஒருவர் இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஊர்ப்பக்க வழக்கப்படி நான் அவரை மாமா என்பேன், அவர் என்னை மாப்ள என்பார். சின்ன வயதில் மதரஸாவில் ஓதியவர். தினமும் தொழுகை முடித்துக் குர்ஆனைத் திறந்து உட்கார்ந்தால் மணி ஒன்றுவரை தண்ணீர் ஓடுகிற மாதிரி ஓதுவார். இவ்வளவு ஓதுகிறவருக்கு இந்த ஐந்து வரி என்ன கஷ்டம் என்று நினைத்தேன்.

சைட்டில் போன் அனுமதி இல்லை, கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். அதனால் நோட்டீஸைக் கையால்தான் எடுத்து வர வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் ஒரு சிமெண்ட் மூட்டைத் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் மார்க்கிங் பென்சிலால் வரைந்தேன். வரைந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். கோலம் பார்த்துப் போடுவது மாதிரி இடப்பக்கத்திலிருந்து ஒவ்வொரு வளைவாகப் போட்டுக்கொண்டு வந்தேன். ராத்திரி மாமாவிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"என்ன மாப்ள, எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கு."

"நீங்க தெனம் ஓதுறதுதான மாமா?"

"அதுல ஜபர் ஜேர் பேஷ் எல்லாம் போட்டிருக்கும். இதுல ஒண்ணும் இல்ல."

இதைத்தான் நான் அதுவரை அறியாமல் இருந்தேன். அரபியில் எழுத்து என்றால் பெரும்பாலும் மெய்தான். குறில் உயிர்களுக்கு எழுத்து கிடையாது. மேலும் கீழும் போடுகிற சின்னக் குறிகளால்தான் அவற்றைக் காட்டுவார்கள். குர்ஆனில் அந்தக் குறி எல்லாம் இருக்கும், ஏனென்றால் ஒரு ஒலிகூடப் பிசகக் கூடாது. ஆனால் பேப்பர், போர்டு, நோட்டீஸ் எதிலும் குறி இருக்காது. மொழி தெரிந்தவன் தானே போட்டுப் படித்துக்கொள்வான். தமிழில் "படம்" என்பதை ப், ட், ம் என்று மட்டும் எழுதி வைத்தால், தமிழ் தெரிந்தவன் இடத்தைப் பார்த்துப் படமா, புடமா, பட்டமா என்று கண்டுபிடித்துவிடுவான். எழுத்து மட்டும் தெரிந்தவன் ப், ட், ம் என்று மூன்றையும் உச்சரித்துவிட்டு நின்றுவிடுவான். மாமா நின்றது அங்கேதான். அவருக்கு எழுத்து தெரியும், ஓதத் தெரியும், மொழி தெரியாது.

எனக்கு எதிர்ப்பக்கம். எழுத்து தெரியாது, ஆனால் நாலு வருஷமாகக் காதில் விழுந்தது கொஞ்சம் இருந்தது. அதுவும் நல்ல அரபி அல்ல, சைட் அரபி. "அனா மாஃபீ மாலூம்" என்றால் எனக்குத் தெரியாது. "ஹாதா நஃபர் ரூஹ்" என்றால் இந்த ஆள் போய்விட்டான், போகிறான், போவான், போ, எல்லாமே அதுதான். காலம் கிடையாது, ஆண் பெண் கிடையாது. பாகிஸ்தானி, வங்காளி, நேபாளி, நாங்கள் எல்லோரும் அதில்தான் பேசிக்கொள்வோம். அதில் கோபப்படலாம், கடன் கேட்கலாம், அழலாம். படிக்க மட்டும் முடியாது. யாரும் அதில் நோட்டீஸ் ஒட்டுவதில்லை.

அன்று ராத்திரி மாமா ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல நான் காதைக் கொடுத்தேன். ஒரு இடத்தில் அவர், "அல் கமல்" என்றார்.

"கமலா? எந்தக் கமல்?"

"அப்படித்தான் எழுதியிருக்க, மேல ஒரு நுக்தா வச்சிருக்கியே."

நுக்தா என்றால் புள்ளி. அரபியில் பாதி எழுத்துகளுக்கு உடம்பு ஒன்றுதான், புள்ளி எங்கே எத்தனை என்பதில்தான் வித்தியாசம். நான் வைத்த அந்தப் புள்ளி எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. இரண்டு பேரும் அலுத்துப்போய்ப் படுத்துவிட்டோம்.

மறுநாள் காலை கைரேகை வரிசையில் மாமாவை எனக்கு முன்னால் நிறுத்தினேன். பலகைக்கு நேராக வந்ததும் அவர் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு தாளுக்கு மிக அருகில் போனார். விரலால் ஒரு எழுத்தின் தலையைச் சுரண்டினார். புள்ளி உதிர்ந்துவிட்டது. ஈ எச்சம்.

"கமல் இல்ல மாப்ள. அமல். அல் அமல்."

அமல் எனக்குத் தெரியும். வேலை. எங்கள் விசாத் தாளிலிருந்து கம்பெனி பஸ் வரைக்கும் எங்கும் கேட்கிற சொல். என் காதுக்குத் தெரிந்தது, அவர் கண்ணுக்குத் தெரிந்தது, முதல் தடவையாக ஒரு சொல்லில் இரண்டும் சேர்ந்தது.

அப்புறம் வேகம் பிடித்தது. வரிசையை எல்லோருக்கும் விட்டுவிட்டு ஓரமாக நின்றோம். தலைப்பில் இருந்த ஒற்றைச் சொல்லை எடுத்தோம். அதில் நாலு பல் வரிசையாக இருக்கும், ரம்பத்தின் முனை மாதிரி. நாலும் ஒரே உயரம். மேலே இரண்டு புள்ளி இருந்தால் த, மேலே ஒன்று ந, கீழே ஒன்று ப, கீழே இரண்டு ய. கடைசியில் ஹ. மாமா சொல்லிக்கொண்டே வந்தார்: த, ந, ப, ய, ஹ. அவருக்கு அது வெறும் ஒலி. எனக்கு உடனே சேப்டி ஆபீசர் ஞாபகத்துக்கு வந்தார். கிரேன் கம்பிக்கட்டைத் தூக்கும்போது கீழே நிற்கிறவர்களைப் பார்த்து "இன்தபிஹ்! இன்தபிஹ்!" என்று கத்துவார். கவனம் என்று அர்த்தம். ந, ப, ஹ. அதே மூன்று எழுத்து இதற்குள் இருந்தது. தன்பீஹ் என்றால் எச்சரிக்கை, கவனத்துக்கு.

அடுத்த வரி முதல் சொல்: ய, ம, ந, பிறகு தொண்டையிலிருந்து வருகிற அந்த ஐன். இதிலும் அதே வேலைதான். ம, ந, ஐன். மம்னூ! தடை. சிகரெட் குடிக்கக் கூடாது, உள்ளே வரக் கூடாது, எல்லாமே மம்னூ. அந்த மூன்று எழுத்துக்கு முன்னால் ய சேர்ந்தால் யும்னஉ, தடை செய்யப்படுகிறது. எது தடை செய்யப்படுகிறது? அல் அமல். வேலை.

இந்த இடத்தில் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வேலை தடையா?

அடுத்தது தஹ்த. கீழே என்று எனக்குத் தெரியும், தட்டுக்குக் கீழே முட்டு வைக்கச் சொல்லும்போது கேட்பது. அதற்கடுத்த சொல் இருவருக்கும் தெரியவில்லை. அதற்கடுத்த சொல்லைப் பார்த்ததும் மாமா கையைத் தூக்கினார். "இது ஷம்ஸ்டா. அஷ்ஷம்ஸ். சூரியன். குர்ஆன்ல ஒரு சூராவுக்கே அந்தப் பேரு." எழுதியிருப்பது அல்-ஷம்ஸ் என்றுதான், ஆனால் அந்த ல் வாய்க்கு வராது, அஷ்ஷம்ஸ் என்றுதான் ஓத வேண்டும் என்றும் சொன்னார். அது எனக்குத் தனியாக விளங்கியிருக்கவே விளங்காது. நடுவில் புரியாமல் போன சொல் அஷிஅத், கதிர்கள். அது இல்லாமலேயே வரி நின்றுவிட்டது: வேலை தடை, சூரியனுக்குக் கீழே.

இப்போது என் எண்கள். அந்த வரியை மாமா வலப்பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். மின், மணி, 12. இலா, மணி, 3. மின் என்றால் இருந்து. இலா என்றால் வரை. பன்னிரண்டுக்குப் பக்கத்தில் ளுஹ்ரன் என்று இருந்தது, மூன்றுக்குப் பக்கத்தில் அஸ்ரன் என்று. இரண்டும் அவர் தினமும் தொழுகிற நேரம். ளுஹர் உச்சி, அஸர் பின்மதியம். "எங்கடா ராத்திரி? பட்டப்பகல்டா இது" என்று என் பின்மண்டையில் ஒன்று வைத்தார்.

நான் செய்த தப்பு இதுதான். அரபியில் ஒரு எண்ணுக்குள் இலக்கங்கள் நம்முடையது மாதிரியே இடமிருந்து வலமாகத்தான் நிற்கும். பன்னிரண்டு என்றால் ஒன்று இடப்பக்கம், இரண்டு வலப்பக்கம். அதனால் தனித்தனி எண்ணைப் படிக்கும்போது நமக்கு எல்லாம் சரியாக வருகிறது என்ற தைரியம் வந்துவிடுகிறது. ஆனால் வரி வலமிருந்து இடமாகப் போகிறது. ஒரு வரியில் இரண்டு எண் இருந்தால் வலப்பக்கம் இருப்பதுதான் முதலில். நான் ஒவ்வொரு எண்ணையும் சரியாகப் படித்து, வரிசையைத் தலைகீழாகப் படித்திருக்கிறேன்.  மேல் வரியில் இருந்த இரண்டு 15-உம் ஜூன் 15, செப்டம்பர் 15. மாதப் பெயரை மாமா கூட்டிப் படித்தார், யூனியூ, ஸப்தம்பர். அதையும் இடப்பக்கத்திலிருந்து எடுத்திருந்தால் செப்டம்பரிலிருந்து ஜூன் வரை என்று ஆகியிருக்கும், பெரும்பாலும் வெயில் குறைந்த மாதங்கள்.

நோட்டீஸ் சொன்னது இவ்வளவுதான்: ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12 மணி முதல் 3 மணி வரை வெயிலில் வேலை செய்வது தடை. அடியில் ஐந்து இலக்கத்தில் ஒரு எண், 19911. தொழிலாளர் அமைச்சகத்தின் புகார் எண். அதை நான் தாளின் வரிசை எண் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில் நாங்கள் எங்கே இருந்தோம் என்றால், மூன்றாவது தளத்தின் ஸ்லாபில், கம்பிக்கு மேல். பதினாறு எம்.எம். கம்பி ஒரு மணி வெயிலில் எப்படி இருக்கும் என்று கம்பி கட்டுகிறவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. க்ளவுஸ் போட்ட கையால் பிடித்தாலும் கொக்கியைத் திருப்பும்போது மணிக்கட்டு கம்பியில் படும். எல்லோருக்கும் அந்த இடத்தில் வரிசையாகச் சின்னச் சின்னத் தழும்பு இருக்கும். எனக்கு இன்னும் இருக்கிறது.

புரிந்துவிட்டது, சரி, அடுத்து என்ன? இதை விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் புரிந்ததும் எல்லாம் நேராகிவிடும் என்று நினைக்கிறவர்கள் வகுப்பிலும் இருக்கிறார்கள். எங்களில் யாரும் 19911-க்குப் போன் செய்யவில்லை. இகாமா என்கிற தங்கும் அனுமதியின் புதுப்பிப்பு, லீவு, குரூஜ் நிஹாயி என்கிற ஒரேயடியாக ஊருக்கு அனுப்பிவிடும் விசா என்று ஆளுக்கொரு பயம். எனக்கும் தங்கச்சி கல்யாணக் கடன் பாதி நின்றது. நாங்கள் செய்தது வேறு. நோட்டீஸில் இருந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டோம். தடை வேலைக்கு அல்ல, சூரியனுக்குக் கீழே வேலைக்கு. நிழலில் வேலை வாங்கலாம், அதற்குத் தடை கிடையாது. கம்பி வெட்டி வளைக்கிற யார்டுக்குத் தகரக் கூரை உண்டு. ஸ்டிரப் வளைப்பது, வெட்டுவது எல்லாம் நாங்கள் காலையில் செய்துகொண்டிருந்தோம், கட்டுவது மத்தியானம். அதை மாற்றிப்போடச் சொல்லலாம் என்று மாமா சொன்னார். காலையில் கட்டு, பன்னிரண்டுக்கு இறங்கி யார்டு, மூன்றுக்கு மேல் மறுபடி ஸ்லாப்.

போர்மேனிடம் ஐந்து பேராகப் போனோம். நான் நோட்டீஸைக் காட்டி வரியைப் படித்தேன். அர்த்தம் சொல்லவில்லை, அரபியில் படித்தேன். "யும்னஉல் அமலு தஹ்த அஷிஅதிஷ் ஷம்ஸ்." பாதி உச்சரிப்பு தப்பாகத்தான் இருந்திருக்கும். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டு நாள் கழித்து வேலை மாறியது. மேலே இருந்து ஆர்டர் வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டார். இருக்கட்டும். தகரத்துக்குக் கீழேயும் சூடு குறைவில்லை, ஆனால் கம்பி நிழலில் கிடந்தது, கையால் தொட முடிந்தது.

இதில் எங்களுக்குக் கிடைக்காததும் உண்டு. தடை கடிகாரத்துக்குத்தான், வெப்பத்துக்கு இல்லை. பதினொன்றரைக்கு எவ்வளவு கொளுத்தினாலும் அந்த நோட்டீஸ் உதவாது. எண்ணெய், எரிவாயு நிறுவன ஆட்களுக்கும் அவசரப் பழுதுவேலைக்கும் விலக்கு உண்டு. பாதுகாப்பு அறிவிப்பைத் தேவைப்பட்டால் தொழிலாளருக்குப் புரிகிற மொழியிலும் ஒட்ட வேண்டும் என்று அந்த நாட்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. எங்கள் பலகையில் கடைசிவரை அரபி மட்டும்தான் இருந்தது. இன்னொன்று, ஒப்பந்தம் இரண்டு மொழியில் இருந்தால் அரபி வாசகம்தான் செல்லும். ஆங்கிலப் பக்கத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

சரி, வகுப்புக்கு வருகிறேன். என் அக்கா மகன் கத்தாருக்குப் போகிறான். தனியாக வகுப்புக்குப் போக வெட்கப்பட்டான் என்று நானும் சேர்ந்துகொண்டேன். ஞாயிறு காலை இரண்டு மணி நேரம். சொல்லித் தருகிறவர் அரபிக் கல்லூரியில் படித்த ஆலிம், எல்லோரும் அஜரத் என்போம். பத்துப் பன்னிரண்டு பேர் வருகிறார்கள், பாதிப்பேர் வளைகுடா போகிற பையன்கள். இந்த வெயில் தடையே நாட்டுக்கு நாடு மாறும் என்பதை நான் அங்கே சொல்லி வைத்தேன். அமீரகத்தில் 12.30 முதல் 3 வரை. கத்தாரில் ஜூன் 1-லேயே ஆரம்பித்துவிடும், காலை 10 முதல் 3.30 வரை. குவைத்தில் 11 முதல் 4 வரை, ஆகஸ்டோடு முடிந்துவிடும். சவூதிக்காரன் சொன்ன நேரத்தைக் கத்தாரில் போய்ச் சொன்னால் இரண்டரை மணி நேரம் நஷ்டம்.

போன மாதம் அஜரத் ஒரு வேலை கொடுத்தார். ஆளுக்கொரு கிஸ்ஸா கஸீரா, சிறுகதை, அரபியில் சொல்ல வேண்டும். சொந்தக் கதையாக இருந்தால் நல்லது, ஐந்து நிமிடம். எனக்கு வேறு எது வரும்? ஒரு தொழிலாளி, ஒரு சுவர், ஒரு தாள்.

எழுந்து நின்று ஆரம்பித்தேன். "அனா ஃபீ ஷுகல் ரியாத். வரகா ஃபீ ஜிதார். அனா மாஃபீ மாலூம்." அஜரத் புரியாமல் விழித்தார். "இது என்ன பாஷைங்க?" என்றார். அவர் படித்தது நூல் அரபி, சைட் அரபியை அவர் கேட்டதே இல்லை. வளைகுடா போய் வந்த இரண்டு பேர் மட்டும் பின்னால் சிரித்தார்கள், அவர்களுக்கு ஒரு சொல் பாக்கியில்லாமல் புரிந்தது.

அஜரத் முதல் வரியிலிருந்து திருத்தினார். கதை என்றால் "கான ஹுனாக" என்று ஆரம்பி, ஒருவன் இருந்தான். நஃபர் வேண்டாம், ஆமில் என்று சொல், தொழிலாளி. அமலும் ஆமிலும் ஒரே வேர்தான். "கான ஹுனாக ஆமிலுன் மினல் ஹிந்த்." தாள் என்பது பெண்பால், அதனால் தொங்குகிற என்ற சொல்லும் பெண்பாலாக மாற வேண்டும், வரகதுன் முஅல்லகதுன். தாள் எப்படிப் பெண்ணாகும் என்று அக்கா மகன் கேட்டான். "கடைசியில இருக்கிற அந்த வட்டத்துல ரெண்டு புள்ளி பாரு" என்றார். மறுபடி புள்ளி.

அதிகம் திணறியது தெரியவில்லை என்ற இடத்தில். சைட் அரபியில் மாஃபீ மாலூம் என்றால் நேற்றும் தெரியாது, இன்றும் தெரியாது. கதைக்கு அது ஆகாது. அன்றைக்குப் புரியவில்லை, பிறகு புரிந்தது என்று வந்தால்தானே கதை. அஜரத், "லம் யஃப்ஹம்" என்று எழுதிப் போட்டார். அவனுக்குப் புரியவில்லை, நடந்து முடிந்தது. பிறகு புரிந்தது என்பதற்கு "ஃபஹிம". இரண்டுக்கும் ஒரே மூன்று எழுத்து, ஃப, ஹ, ம. நான் நாலு வருஷம் பேசிய அரபியில் இந்த இரண்டுக்கும் நடுவில் தூரமே இருந்ததில்லை.

நான் சொல்லிக்கொண்டே போய்ச் சுவருக்கு வந்தேன். நண்பர் எழுத்தைப் படித்தார், தொழிலாளி சொல்லை அறிந்தான். "தும்ம ஃபஹிம" என்று முடித்தேன். பிறகு அவனுக்குப் புரிந்தது.

அஜரத் கையை நீட்டி நிறுத்தினார். "யாருக்குப் புரிஞ்சது?"

"எனக்கு. அதாவது, தொழிலாளிக்கு."

"உங்களுக்கு எழுத்துதான் தெரியாதே. எப்படிப் புரிஞ்சது?"

"மாமா படிச்சாருல்ல."

"அப்ப அவருக்குப் புரிஞ்சதா?"

"அவருக்குச் சொல் தெரியாதுங்களே."

"அப்ப ரெண்டு பேருக்கும்தான. ஃபஹிம இல்ல, ஃபஹிமா." கடைசியில் ஒரு அலிஃபை நீட்டிப் போர்டில் போட்டார், ஒரு நேர்க்கோடு, அவ்வளவுதான். அரபியில் ஒருவருக்கு ஒன்று, பலருக்கு ஒன்று, அது போக இரண்டு பேருக்கு என்றே தனியாக ஒன்று உண்டாம். இரண்டு கண், இரண்டு கை, இரண்டு ஆள். தமிழில் நமக்கு அது இல்லை, அவன் அல்லது அவர்கள்தான். இருவருக்கும் புரிந்தது என்பதை அங்கே வினைச்சொல்லின் கடைசியை நீட்டினாலே போதும்.

வீட்டுக்கு வரும் வழியில் ஆரப்பாளையத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது மாமாவுக்குக் கதை முழுவதையும் அரபியிலேயே வாய்ஸ் மெசேஜாக அனுப்பினேன். அவர் இப்போது மேலூரில் மகனுடைய பெட்டிக்கடையில் உட்காருகிறார். சாயங்காலம் கூப்பிட்டார்.

"ஒண்ணும் வெளங்கல மாப்ள. ஷம்ஸ் வந்துச்சு, அது மட்டும் வெளங்குச்சு. கடைசில ஒரு வார்த்தைய ஏன் அந்த இழு இழுக்குற?"

"இழுத்தாத்தான் மாமா நீங்க அதுல இருப்பீங்க."

"நான் எங்க இருக்கேன் அதுல?"

அதைப் போனில் சொல்ல முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மேலூர் வருகிறேன், ஒரு பேப்பரில் எழுதியே கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். புள்ளியைப் பார்த்து வை என்றார்.